வரைபடத்தின் தலைப்பு ஒரு முழு வாக்கியமாக இருக்கட்டும்

பக்கம் அச்சுக்குப் போக ஒரு மணி நேரம் இருந்தது. வடிவமைப்புப் பிரிவில் இருக்கும் தம்பி ஒரு கோட்டு வரைபடத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, “அண்ணே, இதுக்குத் தலைப்பு என்ன போடட்டும்?” என்று கேட்டார். எட்டிப் பார்த்தேன். இரண்டு கோடுகள். இரண்டும் இடமிருந்து வலமாக இறங்கிக்கொண்டிருந்தன.

“சிசு மரண விகிதம், தமிழ்நாடு, இந்தியா, 2005 முதல் 2020 வரைன்னு போட்டுடுப்பா” என்றேன்.

சொன்னபடியே தட்டினார். பிறகு படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “கீழே வருஷம் போட்டிருக்கு. பக்கத்துல சிசு மரண விகிதம்னு எழுதியிருக்கு. கோட்டு மேலயே தமிழ்நாடு, இந்தியான்னு பேர் இருக்கு. அதையே எதுக்குண்ணே மறுபடியும் பெருசா எழுதுறோம்?”

என்னிடம் பதில் இல்லை. பல வருடங்களாக வரைபடங்களுக்கு இப்படித்தான் தலைப்பு வைத்து வந்திருக்கிறேன். செய்திக்கு யாரும் அப்படி வைப்பதில்லை. ‘நேற்றைய சட்டமன்றக் கூட்டம் பற்றிய செய்தி’ என்று எந்தப் பத்திரிகையும் தலைப்புப் போடாது. கூட்டத்தில் என்ன நடந்தது என்பதைத்தான் போடும். வரைபடம் என்று வந்ததும் அந்தப் பழக்கம் எப்படியோ நம்மைவிட்டுப் போய்விடுகிறது. பக்கத்திலேயே பெரிய எழுத்துகளைக் கொடுத்து, இரண்டு அச்சுகளிலும் ஏற்கெனவே இருப்பதைத் திரும்பச் சொல்கிறோம். கோடுகள் என்ன சொல்கின்றன என்பதை வாசகரே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கோடுகளுக்கு நடுவே எழுதியவர்

இந்தப் பழக்கம் வரைபடத்தோடு கூடவே பிறந்தது. பொருளாதாரப் புள்ளிவிவரங்களைக் கோடுகளாக வரைந்து காட்டிய முன்னோடி, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர். 1786இல் லண்டனில் அவர் வெளியிட்ட வணிக அட்லஸில் ஒரு படம் மிகப் பிரபலம். 1700 முதல் 1780 வரை டென்மார்க், நார்வே நாடுகளோடு இங்கிலாந்து நடத்திய ஏற்றுமதியும் இறக்குமதியும் அதில் இரண்டு கோடுகளாக ஓடுகின்றன. தலைப்பும் அதைத்தான் சொல்கிறது: எந்த நாடுகள், எந்த ஆண்டுகள், ஏற்றுமதி, இறக்குமதி.

பிளேஃபேர் அதோடு நிறுத்தவில்லை. முதல் பாதியில் இறக்குமதிக் கோடு மேலே இருக்கிறது. 1750களில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. அதற்குப் பிறகு ஏற்றுமதி மேலே போய்விடுகிறது. முதல் இடைவெளிக்குள் ‘இங்கிலாந்துக்குப் பாதகமான மீதி’ என்ற பொருளிலும், இரண்டாவது இடைவெளிக்குள் ‘இங்கிலாந்துக்குச் சாதகமான மீதி’ என்ற பொருளிலும் அவர் எழுதி வைத்தார். அந்தப் படத்தின் செய்தியே அதுதான். தலைப்பில் அதற்கு இடமில்லாததால் கோடுகளுக்கு நடுவே எழுதினார்.

அந்த வாக்கியத்தை மேலே கொண்டுவந்து தலைப்பாகவே வைக்கச் சொல்லி விரிவாகக் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஜீன் ஜெலஸ்னி. மெக்கின்சி ஆலோசனை நிறுவனத்தில் பல்லாண்டுகள் வரைபடங்களைக் கவனித்துக்கொண்டவர். அவருடைய ‘சே இட் வித் சார்ட்ஸ்’ நூல் 1985இல் வந்தது. அவர் சொல்லும் வரிசை எளிமையானது. சொல்ல வேண்டிய செய்தி என்ன என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்தச் செய்தி எதை எதோடு ஒப்பிடுகிறது என்று அடுத்துப் பார்க்க வேண்டும். கோடா, பட்டையா, வட்டமா என்பது கடைசியில்தான். நம் அலுவலகங்களில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. கணினி போட்டுக் கொடுக்கும் படம் முதலில் வரும். தலைப்பு கடைசி நிமிடத்தில் வரும்.

ஒரே எண்கள், மூன்று வாக்கியங்கள்

எங்கள் திரையில் இருந்த படத்துக்கே வருகிறேன். உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எத்தனை பேர் ஒரு வயது நிறைவதற்குள் இறக்கிறார்கள் என்பதுதான் சிசு மரண விகிதம். இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் மாதிரிப் பதிவு முறையின் வழியாக இதைக் கணக்கிட்டு வெளியிடுகிறது. தமிழ்நாட்டில் இது 2005இல் 37. 2010இல் 24, 2015இல் 19, 2020இல் 13. இந்திய சராசரி அதே ஆண்டுகளில் 58, 47, 37, 28.

இந்த எட்டு எண்களை வைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் எழுதலாம் என்று உட்கார்ந்தோம். சுலபம் என்றுதான் நினைத்தேன். தம்பி முதலில் எழுதியது இது: ‘சிசு மரணத்தைக் குறைத்ததில் இந்தியாவை முந்தியது தமிழ்நாடு.’ கணக்குப் போட்டுப் பார்த்தோம். 37லிருந்து 13 என்றால் 65 சதவீதம் குறைந்திருக்கிறது. இந்தியா 58லிருந்து 28க்கு வந்தது. அது 52 சதவீதம். வாக்கியம் சரிதான்.

கழித்துப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. தமிழ்நாட்டில் குறைந்தது 24 புள்ளிகள். இந்தியாவில் குறைந்தது 30 புள்ளிகள். ஆயிரம் பிறப்புகளுக்கு எத்தனை மரணங்கள் குறைந்தன என்று கேட்டால் இந்தியாதான் முன்னால் நிற்கிறது. இரண்டுக்கும் இடையே 2005இல் 21 புள்ளி இடைவெளி இருந்தது. 2020இல் அது 15. ஆக, ‘தமிழ்நாட்டுக்கும் இந்தியாவுக்கும் உள்ள இடைவெளி குறைந்தது’ என்று தலைப்பு வைத்தால் அதுவும் சரிதான்.

ஒரே படத்தில் ஒன்றுக்கொன்று எதிரானவை போல இரண்டு வாக்கியங்கள். இரண்டிலும் பொய் இல்லை. பழைய தலைப்பை வைத்திருந்தால் இந்தச் சிக்கல் எங்கள் கண்ணிலேயே பட்டிருக்காது. அது காணாமல் போயிருக்காது. எங்கள் மேசையிலிருந்து வாசகரின் தலைக்குப் போயிருக்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? ஏற்கெனவே 37இல் இருக்கும் விகிதம் 37 புள்ளிகளுக்கு மேல் குறையவே முடியாது. 58இல் இருப்பதற்கு இறங்க இன்னும் இடம் இருக்கிறது. தொடக்க நிலை வேறாக இருக்கும் இரண்டு இடங்களின் வேகத்தை வெறும் புள்ளிக் கழித்தலில் ஒப்பிட்டால், மேலேயிருந்து தொடங்கியவருக்கே சாதகமாக அமையும். சதவீதத்தில் மட்டும் பேசினால் இன்னொரு பக்கம் மறைந்துபோகும்: இந்தியாவில் குறைந்த 30 புள்ளி ஒவ்வொன்றும் ஆயிரம் பிறப்புகளுக்கு ஒரு குழந்தையின் உயிர். ‘முந்தியது’ என்ற ஒற்றைச் சொல், எந்த அளவுகோல் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. அதுதான் அந்தத் தலைப்பின் குறை.

அளவுகோலைத் தலைப்புக்குள்ளேயே சொல்லிவிடும் வாக்கியத்தைத் தேடினோம். 2005இல் தமிழ்நாட்டின் விகிதம் இந்திய சராசரியில் 64 சதவீதம். 2020இல் 46 சதவீதம். அப்படியானால் வாக்கியம் இது: ‘தமிழ்நாட்டின் சிசு மரண விகிதம் இன்று இந்திய சராசரியில் பாதிகூட இல்லை.’ ‘இன்று’ என்ற சொல்லைத் தம்பியே அடித்துவிட்டு ‘2020இல்’ என்று மாற்றினார். எண்கள் 2020உடன் முடிகின்றன. தலைப்பும் அங்கேயே முடிய வேண்டும்.

வாக்கியம் மாறினால் படமும் மாறும்

தலைப்பு முடிவானதும் படம் பொருந்தாமல் போய்விட்டது. ‘பாதிகூட இல்லை’ என்று மேலே எழுதியிருக்கிறது. படத்திலோ செங்குத்து அச்சு 10லிருந்து தொடங்கியது. கணினி தானாகவே அப்படி வைத்திருந்தது. 10இல் தொடங்கினால் 13 என்ற எண் அடித்தளத்தை ஒட்டிக் கிடக்கும். 28 அதற்கு ஆறு மடங்கு உயரத்தில் நிற்கும். தலைப்பு ‘பாதி’ என்கிறது, கண் ‘ஆறில் ஒன்று’ என்கிறது. அச்சைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கினோம். இப்போது 13, 28இன் பாதிக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. தலைப்பில் படித்ததைக் கண்ணாலும் பார்க்க முடிந்தது.

பிறகு கோடுகள். இரண்டுக்கும் ஒரே அளவு பளிச்சென்ற நிறம் இருந்தது. வாக்கியத்தின் எழுவாய் தமிழ்நாடு. அந்தக் கோடு அடர் நீலமாகவே இருந்தது. இந்தியாவின் கோட்டைச் சாம்பல் நிறமாக்கினோம். தலைப்பு 2020இன் ஒப்பீட்டைப் பற்றிப் பேசுவதால், கோடுகளின் வலது முனையில் 13, 28 என்ற எண்களையும், இடது முனையில் 37, 58 என்பவற்றையும் எழுதினோம். நடுவில் இருந்த எண்கள் வெளியே போயின.

வேகத்தைச் சொல்லும் தலைப்பை வைத்திருந்தால் இந்தப் படம் உதவியிருக்காது. அப்போது இரண்டு கோடுகளையும் 2005இல் 100 என்ற ஒரே புள்ளியிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். தமிழ்நாடு 35இல் முடியும், இந்தியா 48இல் முடியும். எது அதிகம் சரிந்தது என்பது பார்த்ததும் விளங்கும். ஜெலஸ்னி செய்தியை முதலில் வைத்ததன் காரணம் அன்று எனக்கு நன்றாகப் புரிந்தது. எந்தப் படம் வேண்டும் என்பதை வாக்கியம்தான் தீர்மானிக்கிறது.

பழைய தலைப்பை நாங்கள் தூக்கி எறியவில்லை. அது ஒரு படி கீழே இறங்கியது. பெரிய எழுத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் இரண்டாவது வரியாக இப்படி நின்றது: ‘உயிரோடு பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்போர், 2005–2020. மாதிரிப் பதிவு முறை.’ எதை அளந்தோம், எங்கே, எப்போது, யார் கணக்கு ஆகிய நான்கும் படத்தில் எங்காவது இருந்தே ஆக வேண்டும். இவை இல்லாமல் முடிவை மட்டும் சொல்லும் தலைப்பு, சாட்சி இல்லாத வாக்குமூலம்.

தலைப்பில் வரக் கூடாதவை

முழு வாக்கியம் எழுதப் பழகியவருக்கு வரும் முதல் ஆசை, காரணத்தையும் சேர்த்துச் சொல்வது. ‘மருத்துவமனைப் பிரசவங்களால் சிசு மரணம் குறைந்தது’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். மருத்துவமனைப் பிரசவங்களுக்கு இதில் பங்கு உண்டு என்று நம்ப நல்ல காரணங்கள் இருக்கின்றன. ஆனால் எங்கள் படத்தில் இருப்பவை ஆண்டும் இறப்பு விகிதமும் மட்டுமே. பிரசவம் எங்கே நடந்தது என்பது அதில் இல்லவே இல்லை. காரணத்தைக் கட்டுரையில் வாதிடலாம். தலைப்பு தன் படத்துக்கு வெளியே கால் வைக்கக் கூடாது.

இரண்டாவது ஆசை, சின்ன அசைவையும் செய்தியாக்குவது. தமிழ்நாட்டின் விகிதம் 2016இல் 17, 2017இல் 16. ‘ஒரே ஆண்டில் மேலும் குறைந்தது’ என்று தலைப்பு வைக்கலாமா? இது எல்லாப் பிறப்பு இறப்புகளையும் எண்ணிய கணக்கல்ல; தேர்ந்தெடுத்த ஊர்களிலும் நகர்ப் பகுதிகளிலும் எடுத்த மாதிரிக் கணக்கு. மாதிரி என்றால் சற்று முன்பின் இருக்கும். ஒரு புள்ளி வித்தியாசம் உண்மையான மாற்றமாகவும் இருக்கலாம், மாதிரியின் தள்ளாட்டமாகவும் இருக்கலாம். 37க்கும் 13க்கும் உள்ள தூரத்தைப் பற்றி அந்தச் சந்தேகம் வராது. முடிவைச் சொல்லும் தலைப்பு, அந்தத் தள்ளாட்டத்தைத் தாண்டி நிற்கும் மாற்றத்துக்கு மட்டுமே உரியது.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. தலைப்பைக் கையால் மறைத்துவிட்டு, அந்த வேலையில் சம்பந்தமில்லாத ஒருவரிடம் படத்தைக் காட்டி, ‘இதில் என்ன தெரியுது, ஒரே வாக்கியத்தில் சொல்லுங்க’ என்று கேட்க வேண்டும். அவர் சொல்வதும் நம் தலைப்பும் ஒன்றாக இருந்தால் நல்லது. அவர் வேறொன்றைச் சொன்னால், தலைப்பு தவறு அல்லது படம் தவறு. அவர் எதுவுமே சொல்ல முடியாமல் விழித்தால், அந்தப் படத்தில் இன்னும் செய்தி இல்லை.

தலைப்பு ஜெயித்துவிடும்

இத்தனை கவனம் எதற்கு? வாசகர் மனதில் படத்தைவிடத் தலைப்புதான் தங்குகிறது. 2015இல் மிஷெல் போர்க்கினும் ஹார்வர்டு, எம்ஐடி ஆய்வாளர்களும், படங்களைப் பார்ப்பவர்களின் கண் எங்கெங்கே போகிறது என்று கருவி வைத்துப் பதிவு செய்தார்கள். பிறகு அவர்களுக்கு நினைவில் இருந்ததை எழுதச் சொன்னார்கள். கண்கள் நாடியதிலும் நினைவில் நின்றதிலும் தலைப்புக்குப் பெரிய இடம் இருந்தது.

இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஹா-கியுங் காங்கும் சக ஆய்வாளர்களும் 2018இல் இன்னும் ஒரு படி போனார்கள். சர்ச்சைக்குரிய விஷயங்களில் ஒரே வரைபடத்துக்கு எதிரெதிர்ச் சாய்வுள்ள தலைப்புகளை வைத்து, வெவ்வேறு குழுவினரிடம் காட்டினார்கள். ‘இந்தப் படம் என்ன சொன்னது?’ என்ற கேள்விக்கு, அவரவர் பார்த்த தலைப்பின் பக்கமே பதில் சாய்ந்தது. ஆனாலும் பெரும்பாலானோர் படம் நடுநிலையாக இருந்ததாகவே நினைத்தார்கள். அடுத்த ஆண்டு, படத்துக்குப் பொருந்தாத தலைப்புகளையே வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் நினைவில் தங்கியது பெரும்பாலும் தலைப்பின் செய்திதான்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு துயரமான சாட்சி இருக்கிறது. 2003 ஜனவரி 16இல் கொலம்பியா விண்கலம் ஏவப்பட்டபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத் துண்டு ஒன்று அதன் இடது இறக்கையில் மோதியது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரும் விண்வெளியில் இருந்த நாட்களில், சேதம் எவ்வளவு இருக்கும் என்பதைப் பொறியாளர்கள் திரைப் பக்கங்களாகத் தயாரித்து அதிகாரிகளுக்குக் காட்டினார்கள். அதில் ஒரு பக்கத்தின் தலைப்பு முழு வாக்கியம்தான். சோதனைத் தரவுகளைப் பார்த்தால், வெப்பக் காப்பு ஓடுகள் துளைபடுவது பற்றிய கணிப்பு பாதுகாப்பான பக்கமே சாய்ந்திருக்கிறது என்பது அதன் சாரம். படித்தவர் மனம் ஆறுதல் அடையும். அதே பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில், உள்ளடுக்குப் புள்ளிகளில் வேறொன்று இருந்தது. நடந்த மோதல் சோதனை எல்லைகளுக்கு வெகுதூரம் வெளியே இருக்கிறது. சோதித்த துண்டுகள் 3 கன அங்குலம், மோதியதாகக் கணிக்கப்பட்ட துண்டு 1,920 கன அங்குலம்.

640 மடங்கு. அந்தப் பக்கத்தின் உண்மையான முடிவு அதுதான். ‘நம் சோதனைகள் இதைவிட 640 மடங்கு சிறிய துண்டுகளில் நடந்தவை, இந்தச் சேதத்தை அவை சொல்லாது’ என்று தலைப்பில் நின்றிருக்க வேண்டிய செய்தி, கடைசி வரிக்குப் போய்விட்டது. பிப்ரவரி 1ஆம் தேதி திரும்பி வரும் வழியில் கலம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். விபத்துக்குப் பல காரணங்கள் இருந்தன. ஆனால் அந்த ஒரு பக்கத்தை எட்வர்ட் டஃப்டி வரி வரியாக அலசியதை, விசாரணை வாரியமே தன் அறிக்கையில் சேர்த்தது.

ஆகவே வாக்கியமாக எழுதினால் மட்டும் போதாது. அந்தப் பக்கத்தில் இருப்பதிலேயே மிகக் கனமான உண்மை எதுவோ, அதுவே தலைப்புக்கு ஏற வேண்டும். அடியில் உள்ள ஏதாவது ஒரு வரி தலைப்பைக் கவிழ்த்துவிடும் என்றால், அந்த வரிதான் தலைப்பு.

வெறும் விவரத் தலைப்பு பொருந்தும் இடங்களும் உண்டு. அணையின் நீர்மட்டம்போலத் தினமும் எண் மாறும் படத்துக்கு இன்று எழுதும் முடிவு நாளைக்குப் பொய்யாகிவிடும். பல பேர் பல கேள்விகளோடு புரட்டும் அட்லஸில், ஒரு முடிவை மட்டும் மேலே எழுதினால் மற்றவர்களின் தேடலுக்கு அது இடைஞ்சல். ஒரு கருத்தைச் சொல்வதற்காகவே கட்டுரையில் வைக்கும் படத்துக்கு இந்த விலக்கு கிடையாது.

அன்று இரவு புதிய தலைப்போடு பக்கம் பிழைதிருத்தும் அக்காவிடம் போனது. சந்திப் பிழை பார்ப்பார் என்று காத்திருந்தோம். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “இந்தியாவோட வெச்சுப் பார்த்தா பாதிகூட இல்ல, சரி. கேரளாவோட வெச்சா எப்படிப்பா?” என்று கேட்டார்.

தேடி எடுத்தோம். 2020இல் கேரளத்தின் விகிதம் 6. தமிழ்நாடு 2020இல் தொட்ட 13 என்ற எண்ணில் கேரளம் 2010இலேயே இருந்தது. மெல்லிய மூன்றாவது கோடு ஒன்று படத்தில் ஏறியது. தலைப்பின் வாக்கியத்தோடு ஒரு பாதி கூடியது: ‘2020இல் தமிழ்நாட்டின் சிசு மரண விகிதம் இந்திய சராசரியில் பாதிகூட இல்லை, ஆனால் கேரளத்தைப்போல் இரு மடங்குக்கு மேல்.’

பழைய தலைப்போடு அந்தப் பக்கம் போயிருந்தால், அக்கா ஓர் ஒற்றெழுத்தைச் சரிசெய்துவிட்டு அனுப்பியிருப்பார். ‘சிசு மரண விகிதம், 2005–2020’ என்பதை யாரும் மறுத்துக் கேட்க முடியாது. மறுக்க அதில் எதுவும் இல்லை. நாங்கள் ஒன்றைச் சொன்னோம். அதனால்தான் அவரால் கேட்க முடிந்தது.